வீட்டில் பேசும் மகன் பள்ளியில் பேசாதபோது: வகுப்பாசிரியைக்கு ஒரு பக்கக் குறிப்பு

கேள்வி: "என் கணவருக்கு மாற்றல் வந்ததால் ஜூன் மாதம் பாளையங்கோட்டையிலிருந்து சென்னைக்குக் குடிவந்தோம். மகனுக்கு 8 வயது, மூன்றாம் வகுப்பு. சின்ன வயதிலிருந்தே கூச்சப்படுவான். ஆனாலும் அங்கே இரண்டு சிநேகிதர்கள் இருந்தார்கள். டீச்சர் கேட்டால் பதில் சொல்வான். இங்கே ஐந்து வாரமாகப் பள்ளியில் யாரிடமும் பேசுவதில்லையாம். டிபன் பாக்ஸில் பாதிக்கு மேல் மிச்சம் வருகிறது. காலையில் வயிறு வலிக்கிறது என்கிறான். வீட்டிலோ தங்கையோடு வாய் ஓயாமல் பேசுகிறான். இந்தப் பள்ளியில் ஆங்கிலத்தில்தான் பேச வேண்டுமாம். வகுப்பாசிரியைக்குக் கொடுக்க அவனைப் பற்றி நான்கு பக்கம் எழுதி வைத்திருக்கிறேன். கொடுத்தால் அவன்மேல் முத்திரை விழுந்துவிடும் என்கிறார் கணவர். கொடுக்கலாமா? என்ன எழுதுவது?"
ஒரு தாய், சென்னை

பதில்:

குறிப்பைக் கொடுங்கள், ஆனால் நான்கு பக்கங்களை ஒரு பக்கமாகச் சுருக்கிய பிறகு கொடுங்கள். நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பின் ஆசிரியை அதைப் பெரும்பாலும் இரண்டு பாடவேளைகளுக்கு நடுவில் நின்றுகொண்டுதான் படிப்பார். பிறந்த நாளிலிருந்து தொடங்கும் வரலாற்றுக்குள் தாம் அன்றைக்கே செய்யக்கூடியது எது என்று தேடிப் பார்க்க அவருக்கு அவகாசம் இருக்காது.

உங்கள் கணவரின் அச்சத்தை நான் தள்ளிவிடவில்லை. ஆனால் ஐந்து வாரமாகப் பேசாமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு, பிடிவாதம் என்றோ, படிப்பில் மந்தம் என்றோ, வீட்டில் செல்லம் அதிகம் என்றோ யாராவது இதற்குள் ஒரு காரணம் கற்பித்திருக்கவும் கூடும். ஆசிரியை அறிந்திருப்பது வகுப்பறையில் இருக்கும் பையனை மட்டுமே. தங்கையோடு வாயாடும் பையனை அவர் கண்டதே இல்லை. அந்த மறுபாதியைத் தெரிவிப்பதுதான் குறிப்பின் முதல் வேலை. முத்திரையைத் தவிர்க்க ஒரு வழி உண்டு: சுபாவத்தைச் சொல்லும் சொற்களை விட்டுவிட்டு, கண்ணால் பார்க்கக்கூடியதை மட்டும் எழுதுவது. "மிகவும் கூச்ச சுபாவம் உள்ளவன், மென்மையான மனசு" என்று எழுதினால் ஆசிரியைக்குச் செய்வதற்கு ஒன்றுமில்லை. "கேள்வி கேட்டால் பதில் வரச் சில விநாடிகள் ஆகும்; அதற்குள் மறுபடி கேட்டால் தலையைக் குனிந்துகொள்வான்" என்று எழுதினால், அடுத்த பாடவேளையிலேயே அவர் ஐந்து விநாடி காத்திருந்து பார்க்கலாம்.

எழுதுவதற்கு முன்னால் ஒரு வாரம் மூன்று விஷயங்களைக் கவனித்துக்கொள்ளுங்கள். முதலாவது, அவனுடைய பேச்சு எந்த இடத்தில் நிற்கிறது என்பது. பள்ளி வாசலுக்கு வெளியே உங்களோடு பேசுகிறானா, உள்ளே நுழைந்ததும் குரல் தாழ்கிறதா, பக்கத்தில் வகுப்புப் பிள்ளை யாராவது வந்ததும் பாதி வாக்கியத்தில் நிறுத்திவிடுகிறானா என்று பாருங்கள். வேனில் போகிறான் என்றால், அங்கே யாரிடமாவது முணுமுணுக்கிறானா என்று வேன் ஓட்டுநரை அவன் இல்லாத நேரத்தில் விசாரியுங்கள். அவனிடமே "இன்றைக்குப் பேசினாயா?" என்று கேட்க வேண்டாம், தினமும் அந்தக் கேள்வி காத்திருக்கிறது என்று தெரிந்தால் வீடும் தேர்வு அறையாகிவிடும். "பக்கத்தில் யார் உட்கார்ந்தார்கள்?", "அந்தப் பையன் டிபனுக்கு என்ன கொண்டுவந்திருந்தான்?" என்று கேட்டாலே வகுப்பறையின் படம் கொஞ்சம் கொஞ்சமாகக் கிடைத்துவிடும்.

இரண்டாவது, தடை மொழியிலா பயத்திலா என்பது. இதுதான் பெற்றோரும் ஆசிரியரும் அதிகம் குழப்பிக்கொள்ளும் இடம். பாளையங்கோட்டையில் பாடம் ஆங்கிலத்தில் நடந்திருந்தாலும் டீச்சரிடம் தமிழில் பேசியிருப்பான். இங்கே வாய் திறந்தால் ஆங்கிலம் வர வேண்டும் என்ற விதி இருக்கிறது. போதாக்குறைக்கு, திருநெல்வேலிப் பேச்சைக் கேட்டு ஒரு பிள்ளை சிரித்திருந்தால் தமிழும் அடைபட்டிருக்கும். பிரித்துப் பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. தமிழில் பேச யாரும் தடை சொல்லாத இடத்தில், உதாரணமாக உங்கள் குடியிருப்பில் விளையாடும் பிள்ளைகளோடும் பள்ளியில் தமிழில் பேசும் ஆயாவிடமும், அவன் எப்படி இருக்கிறான் என்று பாருங்கள். அங்கே ஓரளவு பேசுகிறான் என்றால் ஆங்கிலக் கட்டாயம் பெரும் பங்கு வகிக்கிறது. அந்த விதியைச் சில வாரம் தளர்த்தினாலே மாற்றம் தெரியும். அங்கேயும் பேச்சு வரவில்லை, தொண்டையில் ஏதோ பிடித்ததுபோல் உடம்பு விறைத்துப்போகிறது என்றால், மொழியைத் தாண்டிய பதற்றம் இருக்கிறது என்று பொருள். இரண்டும் சேர்ந்திருப்பதும் உண்டு. எது என்று தெரியாமல் எழுதினால், ஆங்கிலப் பயிற்சி வகுப்பில் சேர்க்கச் சொல்லிப் பதில் வரும்.

மூன்றாவது, தண்ணீர் பாட்டில். சாப்பாட்டைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள்; பாட்டில் காலியாக வருகிறதா, நிறைந்தபடியே வருகிறதா என்று பாருங்கள். வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் கழிப்பறைக்கு ஓடுகிறானா என்பதையும் கவனியுங்கள். வகுப்பில் பேச முடியாத பிள்ளையால் "டாய்லெட் போகட்டுமா?" என்றும் கேட்க முடியாது. கேட்காமல் சமாளிக்க அது கண்டுபிடிக்கும் வழி, தண்ணீர் குடிக்காமலும் சாப்பிடாமலும் இருப்பதுதான். நாள் முழுக்க அடக்கிவைப்பதால் மலச்சிக்கலும் சிறுநீர்த் தொற்றும் வரலாம். காலை வயிற்றுவலியில் மலச்சிக்கலுக்கும் பங்கு இருக்கலாம். ஞாயிற்றுக்கிழமையில் வலி இல்லை, திங்கட்கிழமை காலையில் வருகிறது என்றால் பள்ளியை நினைத்த பதற்றம் என்று கொள்ள இடமுண்டு. ஆனால் அதை நடிப்பு என்று எண்ணிவிடாதீர்கள். அந்த வலி அவனுக்கு உண்மையானதுதான். சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல், காய்ச்சல், வாந்தி, எடை குறைவு, தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி இவற்றில் ஏதாவது இருந்தால், குறிப்புக்கு முன்னால் குழந்தை மருத்துவரிடம் போங்கள்.

இவை தெரிந்த பிறகு, ஆசிரியையிடம் கேட்க வேண்டியவை மூன்றுக்கு மேல் போகக்கூடாது. "அவனைப் பேச வைக்க முயலுங்கள்" என்பது அந்த மூன்றில் ஒன்றாக இருக்கவே கூடாது. நல்லெண்ணம் உள்ள ஆசிரியை அதைப் படித்ததும் செய்வது, வகுப்பின் முன்னால் நிறுத்தி, "வா கண்ணா, ஒரே ஒரு வார்த்தை சொல்லு, எல்லாரும் கை தட்டுவார்கள்" என்று ஊக்குவிப்பதுதான். நாற்பது ஜோடிக் கண்கள் திரும்பும் அந்தக் கணத்தில் பயம் உச்சத்துக்குப் போகிறது. அவன் பேசாமல் நிற்கிறான். யாராவது உட்காரச் சொன்னதும் பயம் இறங்குகிறது. பேசாமல் இருந்தால் தப்பிக்கலாம் என்பதை ஒவ்வொரு முறையும் உடம்பு இப்படித்தான் கற்றுக்கொள்கிறது. ஆகவே முதல் சில வாரங்களுக்குக் கேட்க வேண்டியது, பேச்சின் மேல் இருக்கும் வெளிச்சத்தைக் குறைப்பது.

அதே சமயம் முழு விலக்கும் கேட்காதீர்கள். "அவன் பேச மாட்டான், விட்டுவிடுங்கள்" என்று ஏற்பாடாகிவிட்டால், பக்கத்துப் பிள்ளைகளே அவனுக்காகப் பதில் சொல்லத் தொடங்குவார்கள்; "இவன் பேசாதவன்" என்பது வகுப்பில் அவனுடைய அடையாளமாகிவிடும். ஒருநாள் பேசத் தோன்றினாலும், "ஐ, பேசிட்டான்!" என்ற கூச்சலுக்குப் பயந்தே பேசாமல் இருந்த பிள்ளைகளை என் பணியில் கண்டிருக்கிறேன். பங்கேற்பு தொடர வேண்டும், அதன் வடிவம் மட்டும் மாற வேண்டும்: வருகைப் பதிவில் குரலுக்குப் பதில் கை, கேள்விக்குப் பதிலை நோட்டில் எழுதிக் காட்டுவது, நோட்டுகளை விநியோகிக்கும் வேலையை இன்னொரு பிள்ளையோடு சேர்ந்து செய்வது. இந்தக் கடைசி ஏற்பாட்டை நான் மிகவும் மதிக்கிறேன். இருவர் சேர்ந்து ஒரு வேலையைச் செய்யும்போது கண்கள் வேலையின் மேல் இருக்கும். எதிரெதிரே நின்று பேச வேண்டிய கட்டாயம் இராது. முதல் கிசுகிசுப்பு பெரும்பாலும் அத்தகைய இடத்தில்தான் பிறக்கிறது. ஆசிரியை தேர்ந்தெடுக்கும் கூட்டாளி வகுப்பின் முதல் மாணவனாகவோ தலைவனாகவோ இருக்க வேண்டியதில்லை. அதிகம் பேசாத, அவசரப்படுத்தாத ஒரு பிள்ளை போதும்.

நீங்கள் எழுதியிருப்பதை வைத்துக் குறிப்பு ஏறக்குறைய இப்படி அமையலாம். நீங்கள் கவனித்தபின் மாறும் விவரங்களைத் திருத்திக்கொள்ளுங்கள்.

"மதிப்பிற்குரிய வகுப்பாசிரியை அவர்களுக்கு,

வணக்கம். 3ஆம் வகுப்பில் ஜூன் மாதம் சேர்ந்த என் மகனைப் பற்றி, தங்களுக்குப் பயன்படக்கூடிய சில விவரங்களைத் தெரிவிக்க விரும்புகிறேன்.

நாங்கள் பாளையங்கோட்டையிலிருந்து வந்திருக்கிறோம். அங்கே ஆசிரியை கேட்ட கேள்விகளுக்குத் தமிழில் பதில் சொல்வான். நெருங்கிய நண்பர்கள் இருவர் இருந்தார்கள். வீட்டில் இப்போதும் தயக்கமின்றிப் பேசுகிறான். பள்ளி வாசலுக்குள் நுழைந்ததும் குரல் நின்றுவிடுகிறது. பதில் தெரிந்தும் வாய் திறக்க முடிவதில்லை என்பதை, வீட்டில் அதே பாடத்தை என்னிடம் சொல்லிக் காட்டுவதிலிருந்து அறிகிறேன். தலையைக் குனிந்துகொண்டால் அவன் தங்களை மதிக்கவில்லை என்று பொருளல்ல. பயந்திருக்கிறான் என்று பொருள்.

பள்ளியில் தண்ணீர் குடிப்பதில்லை, கழிப்பறைக்குச் செல்வதில்லை என்று தோன்றுகிறது. இது எங்களுக்கு மிகுந்த கவலையளிக்கிறது.

தங்களிடம் மூன்று உதவிகள் கேட்கிறேன். ஒன்று, மேசைமேல் ஒரு அட்டையை வைத்துவிட்டு அவன் கழிப்பறைக்குச் சென்றுவர அனுமதிக்க வேண்டும். அட்டையை நாங்களே செய்து அனுப்புகிறோம். இரண்டு, இன்னும் மூன்று வாரங்களுக்கு வருகைப் பதிவின்போது கை தூக்குவதையும், கேள்விகளுக்கு எழுத்தில் தரும் பதிலையும் ஏற்றுக்கொள்ள வேண்டும். மூன்று, நோட்டு விநியோகம் போன்ற ஒரு சிறு வேலையை, அமைதியான ஒரு மாணவனோடு சேர்ந்து செய்யும்படி அவனுக்குக் கொடுக்க வேண்டும்.

ஒருவேளை அவன் பேசினால், தயவுசெய்து எல்லோர் முன்னிலையிலும் பாராட்ட வேண்டாம். சாதாரணமாகப் பதில் சொன்னால் போதும்.

வீட்டில் நாங்கள் செய்ய வேண்டியது எது என்று தாங்கள் சொன்னால் செய்கிறோம். ஆகஸ்ட் முதல் வாரத்தில் தங்களுக்கு வசதியான ஒரு நாளில் பத்து நிமிடம் நேரில் சந்திக்க அனுமதி வேண்டுகிறேன்.

இங்ஙனம்..."

ஆங்கிலத்தில்தான் கொடுக்க வேண்டும் என்றால் இதே வரிசையில், இதே நீளத்தில் எழுதுங்கள். கடைசிப் பத்தியைச் சுருக்கத்துக்காக வெட்டிவிட வேண்டாம். குறை சொல்ல வந்த பெற்றோர் அல்ல, சேர்ந்து செய்ய வந்தவர் என்று ஆசிரியைக்குத் தெரிவிப்பது அந்த வரிகள்தான். தேதி குறிப்பிடாத கோரிக்கை காலாண்டுத் தேர்வு வரை கிடப்பில் கிடக்கும். கழிப்பறை அட்டையை மட்டும் உடனே கேளுங்கள், அதற்கு மூன்று வாரக் கெடுவெல்லாம் வேண்டாம்.

கொடுக்கும் விதத்திலும் கவனம் தேவை. டைரிக்குள் வைத்து அவன் கையில் அனுப்பாதீர்கள். 8 வயதுப் பிள்ளை அதைப் படித்துவிடுவான், அவன் படிக்காவிட்டாலும் பக்கத்துப் பிள்ளை படித்துவிடும். வகுப்புப் பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவில் இதன் நிழல்கூட விழ வேண்டாம். மாலையில் பிள்ளைகள் கிளம்பிய பின் நேரில், உறையில் வைத்துக் கொடுத்து, "முடிந்தபோது படியுங்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். அவன் அங்கே நிற்கும்போது அவனைப் பற்றிப் பேசுவது, பேசாத பிள்ளைகள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பார்கள் என்பதை மறந்துவிடுவதாகும். அட்டையைப் பற்றி அவனுக்கு முன்கூட்டியே சொல்லி, நிறத்தை அவனையே தேர்வு செய்யச் சொல்லுங்கள்.

ஆசிரியை மறுத்தால்? "எல்லாப் பிள்ளைகளும் இப்படித்தான், தானாகச் சரியாகிவிடும்" என்று சொன்னால், வாதம் செய்யாமல் அட்டையை மட்டும் வலியுறுத்துங்கள்; உடல்நலம் சம்பந்தப்பட்டதை மறுப்பது யாருக்கும் கடினம். பள்ளியில் ஆலோசகர் இருந்தால் குறிப்பின் படி ஒன்றை அவருக்கும் கொடுங்கள். பேசாததற்காக எழுந்து நிற்க வைப்பதோ, மற்றவர் முன் கேலி செய்வதோ நடந்தால் அது வேறு விஷயம்: மாணவரை உடலாலோ மனத்தாலோ துன்புறுத்துவதை 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தடை செய்கிறது, அப்போது தலைமை ஆசிரியரிடம் எழுத்தில் கொடுக்கலாம். முதல் குறிப்பில் சட்டத்தை எடுத்துக்காட்டினால், கிடைக்கவிருந்த நட்பும் கிடைக்காமல் போகும்.

ஆகஸ்டில் சந்திக்கும்போது, "பேசினானா?" என்பதை அளவுகோலாக வைக்காதீர்கள், ஏனென்றால் பேச்சு கடைசியில் வருவது. முதலில் உடம்பு இளகும்: டிபன் பாக்ஸ் காலியாக வரும், பாட்டிலில் தண்ணீர் குறைந்திருக்கும், அட்டை பயன்படும், இடைவேளையில் சுவரை ஒட்டி நிற்பவன் ஓடத் தொடங்குவான். பிறகு முகம்: சிரிப்பான், கை தூக்குவான். அதன்பின் ஒரே ஒரு பிள்ளையின் காதில் கிசுகிசுப்பு. அதற்குப் பிறகு ஆசிரியையின் மேசையருகே ஒரு சொல். கடைசியாக இருக்கையிலிருந்து கேட்கும் குரல். ஒவ்வொரு படியிலும் ஒரு வாரமோ அதற்கு மேலுமோ நிற்கலாம். விடுமுறைக்குப் பின் ஒரு படி இறங்குவதும் வழக்கம்.

உடம்பு இளகிவிட்டது, குரல் மட்டும் வரவில்லை என்றால் அந்தச் சந்திப்பில் ஒன்று கேட்டுப் பாருங்கள். பள்ளி தொடங்குவதற்குக் கால் மணி நேரம் முன்னால், ஆளில்லாத வகுப்பறையில் நீங்களும் அவனும் மட்டும் உட்கார்ந்து, சொல்லாமல் விளையாட முடியாத ஒரு விளையாட்டை விளையாடுவது. பல்லாங்குழியில் காய்களை உரக்க எண்ணுவதுகூடப் போதும். முதல் நாட்களில் ஆசிரியை வாசலுக்கு வெளியே நடந்து போவார். அவன் குரல் நிற்காமல் இருந்தால், இன்னொரு நாள் உள்ளே வந்து தம் வேலையைப் பார்ப்பார். பிறகு பக்கத்து மேசை. பிறகு விளையாட்டில் ஒரு கை. அவர் நெருங்கியதும் குரல் நின்றால் முந்தைய நிலைக்குத் திரும்ப வேண்டும். கேள்வி கேட்பதானால், ஆம் இல்லை என்று தலையாட்டி முடிக்கக்கூடிய கேள்வியை விட, "சிவப்பா, நீலமா?" என்று ஒரு சொல்லில் பதில் தரும் கேள்வி நல்லது. நீங்கள் இருக்கும் இடத்தில் வரும் குரலை, நீங்கள் மெல்ல விலகிய பின்னும் அதே இடத்தில் நிலைக்க வைக்கும் முறை இது. வாரத்துக்கு இரண்டு மூன்று காலை கிடைத்தால் போதும். ஆசிரியைக்கு இயலாவிட்டால் பள்ளி ஆலோசகர் அந்த இடத்தில் இருக்கலாம்.

வீட்டில், பழைய நண்பர்களோடு வீடியோ அழைப்பில் பேசுவதைத் தடுக்காதீர்கள். அது புதிய இடத்தில் ஒட்டவிடாமல் செய்யும் என்ற எண்ணம் தவறு. உறவினர்களிடம், "ஆம்பளைப் பிள்ளை இப்படிக் கூச்சப்படலாமா?" என்ற பேச்சை அவன் எதிரில் எடுக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

எப்போது நிபுணரிடம் போக வேண்டும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். வீட்டில் இயல்பாகப் பேசும் பிள்ளை பள்ளி போன்ற இடங்களில் தொடர்ந்து பேச முடியாமல் இருந்து, அதனால் படிப்போ பழக்கமோ பாதிக்கப்பட்டால், அதைச் 'செலக்டிவ் மியூட்டிசம்' என்பார்கள். குறைந்தது ஒரு மாதம் நீடித்திருக்க வேண்டும். பள்ளியில் சேர்ந்த முதல் மாதத்தோடு முடிந்துவிடும் மௌனம் இதில் சேராது. மொழி தெரியாததால் மட்டும் வரும் மௌனமும் சேராது. உங்கள் மகனுக்கு முதல் மாதம் இப்போதுதான் கடந்திருக்கிறது, ஆங்கிலக் கேள்வியும் தீரவில்லை. ஆகவே இன்று அந்தப் பெயரைச் சூட்டுவது அவசரம். ஆகஸ்ட் முடிவிலும் உடம்பில்கூட இளக்கம் தெரியவில்லை என்றால் காத்திருக்க வேண்டாம். வீட்டிலும் பேச்சு குறைந்துவிட்டால், பள்ளிக்குப் போகவே மறுத்தால், குறிப்பிட்ட ஒரு ஆளையோ இடத்தையோ கண்டு மட்டும் நடுங்கினால், அதுவரைகூடக் காத்திருக்கக் கூடாது. கடைசியாகச் சொன்னதில் யாரோ அவனுக்குத் தீங்கு செய்கிறார்களோ என்ற கேள்வியும் அடங்கியிருக்கிறது, 1098 என்ற குழந்தைகள் உதவி எண் அதற்காகவும்தான் இருக்கிறது.

குழந்தை மனநல மருத்துவரையோ குழந்தை உளவியலாளரையோ பார்க்கலாம். எங்கே போவது என்று தெரியாவிட்டால் டெலி மானஸ் என்ற அரசு மனநலத் தொலைபேசிச் சேவையின் 14416 என்ற எண்ணில் தமிழிலேயே விசாரிக்கலாம். செவித்திறன் பரிசோதனையையும் கேட்டு வாங்குங்கள். அந்த அறையிலும் அவன் பேச மாட்டான் என்பதால், தங்கையோடு விளையாடிப் பேசும் இரண்டு நிமிடக் காட்சியை, அவனிடம் சொல்லி, அவன் சம்மதித்தால், கைப்பேசியில் பதிவு செய்து எடுத்துச் செல்லுங்கள்.